தீபாவளிக்கு மூன்று நாள் லீவு: லேபில் ஆறே பேர், டூட்டி லிஸ்ட்டில் ஓட்டை விழாமல் கேட்பது எப்படி?

தென்காசிப்பையன்

எல்லோருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு தனியார் மருத்துவமனையின் 24 மணி நேர லேபில் டெக்னீஷியனாக இருக்கிறேன். ஷிப்ட் பார்ப்பவர்கள் மொத்தம் ஆறு பேர். இன்சார்ஜ் மேடம் தனி, அவருக்கு ஜெனரல் ஷிப்ட். காலை 7 முதல் 3 வரை இரண்டு பேர், மதியம் 1 முதல் 9 வரை ஒருவர், இரவு 9 முதல் காலை 7 வரை ஒருவர்.

இந்த வருடம் தீபாவளி நவம்பர் 8, ஞாயிறு. 6-ஆம் தேதி வெள்ளி காலை டூட்டியை முடித்துவிட்டு ராத்திரி பொதிகையில் ஊருக்குப் போய், 9-ஆம் தேதி மாலை கிளம்பி, 10-ஆம் தேதி செவ்வாய் மதிய டூட்டிக்கு வந்துவிடலாம் என்று கணக்கு. அப்படியென்றால் சனி, ஞாயிறு, திங்கள் மூன்று நாளும் நான் இருக்க மாட்டேன். மற்ற ஐந்து பேரை வைத்து வாரக் கணக்கு போட்டால் ஆள் மிஞ்சுகிறது. கவர் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்தால் போதுமா?

---

டூட்டிலிஸ்ட்

தம்பி, வாரக் கணக்கு உங்களை ஏமாற்றும். தினமும் 4 டூட்டி, ஞாயிறு ஓபி இல்லாததால் காலைக்கு ஒருவர் போதும் என்று வைத்தால் 3. ஆக வாரத்துக்கு 27. ஐந்து பேர் ஆளுக்கு ஆறு நாள் வந்தால் 30. மூன்று மிச்சம் இருப்பதுபோல் தெரியும். ஆனால் நைட் முடித்தவர் அன்று பகலில் கணக்கில் வரமாட்டார். வார ஓய்வில் ஒருவர் இருப்பார். அதனால் எந்த நாளை எடுத்தாலும் மிச்சம் பூஜ்யமாகவோ ஒன்றாகவோதான் நிற்கும். நாள் நாளாக, ஷிப்ட் ஷிப்டாகப் பெயர் போட்டுப் பாருங்கள்.

அதைவிட முக்கியமானது யாருக்கு என்ன தெரியும் என்பது. நைட்டில் ஒரே ஆள் எல்லாக் கருவியையும் ஓட்ட வேண்டும், பிளட் குரூப்பிங் போட வேண்டும், ஏபிஜி பார்க்க வேண்டும். உங்கள் ஆறு பேரில் தனியாக நைட் பார்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? தனியாக மதியம் பார்க்கக்கூடியவர்கள் எத்தனை பேர்? அதைச் சொன்னால் மேலே பேசலாம்.

---

உரிமைக்குரல்

லீவு கேட்பது நம் உரிமை. விண்ணப்பம் கொடுத்தால் போதும். ஆள் ஏற்பாடு செய்வது நிர்வாகத்தின் வேலை, உங்கள் வேலை இல்லை. தமிழ்நாட்டில் 1958-ஆம் ஆண்டின் விடுமுறைச் சட்டப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, அதோடு ஐந்து பண்டிகை நாள் விடுமுறை உண்டு. அன்று வேலை வாங்கினால் இரட்டைச் சம்பளம், அல்லது சம்பளமும் பதில் விடுமுறையும் தர வேண்டும். கவர் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், நாளைக்கு அதையே எல்லோருக்கும் நிபந்தனையாக்கிவிடுவார்கள்.

---

டூட்டிலிஸ்ட்

சட்டம் பற்றிச் சொன்னது சரி. நிபந்தனை ஆகிவிடும் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் அந்தச் சட்டம் அன்று வேலை செய்தவருக்கு என்ன கிடைக்க வேண்டும் என்பதைத் தீர்க்கிறது. ஞாயிறு ராத்திரி அந்த நாற்காலியில் யார் உட்காருவது என்பதைத் தீர்க்காது. உங்கள் மருத்துவமனையின் ஐந்து பண்டிகையில் தீபாவளி இருக்கிறதா, அன்று வருபவருக்குக் காசா, காம்ப் ஆஃபா என்பதைப் பணியாளர் பிரிவு ஒட்டியிருக்கும் விடுமுறைப் பட்டியலில் பார்த்துவிடுங்கள். கவருக்கு வருபவரிடம் பேசும்போது அது தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பத்தில் ‘கவர் என் பொறுப்பு’ என்று எழுத வேண்டாம். ‘இப்படி ஒரு லிஸ்ட் சாத்தியம், சம்பந்தப்பட்டவர்களிடம் பேசிவிட்டேன், தங்கள் ஒப்புதலுக்கு’ என்று எழுதுங்கள். யோசனை உங்களுடையது, முடிவு இன்சார்ஜுடையது. இரண்டு பேர் வாய்வழியாக மாற்றிக்கொண்ட டூட்டி, லிஸ்ட்டில் ஏறி இன்சார்ஜ் கையெழுத்து விழும்வரை மாற்றமே இல்லை. அந்த ஆள் வராமல் போனால், பழைய லிஸ்ட்டில் இருக்கும் உங்கள் பெயரைத்தான் கேட்பார்கள்.

---

தென்காசிப்பையன்

பெயர் வேண்டாம் என்று எழுத்தாகவே போடுகிறேன். நான் க. நைட் தனியாகப் பார்க்கக்கூடியவர்கள் க, ச, த, ப. ஜூனியர்கள் ம, வ. இவர்களில் ம பகலில் தனியாகச் சமாளிப்பார். வ இன்னும் ஒருவரோடு சேர்ந்துதான். நான் போட்ட லிஸ்ட்:

வெள்ளி 6: காலை க, வ. மதியம் ம. நைட் த.
சனி 7: காலை ச, வ. மதியம் ம. நைட் த.
ஞாயிறு 8: காலை ச. மதியம் ம. நைட் ப.
திங்கள் 9: காலை த, வ. மதியம் ம. நைட் ப.
செவ்வாய் 10: காலை ச, வ. மதியம் க. நைட் த.

வார ஓய்வு: ச வெள்ளி, ப சனி, வ ஞாயிறு, ம செவ்வாய். த ஞாயிறு காலை 7 மணிக்கு நைட் முடித்துப் போவதால் தீபாவளி அன்று பகல் முழுக்க வீட்டில் இருப்பார். ப கிறிஸ்தவர், அவருக்குத் தீபாவளி இல்லை. அதனால் ஞாயிறு நைட் அவரைப் போட்டேன்.

---

வார்டுசிஸ்டர்

எங்கள் வார்டில் பண்டிகை நேரத்தில் ஆள் குறைந்தால் பக்கத்து வார்டிலிருந்து ஒரு சிஸ்டரை அனுப்புவார்கள். ஏஜென்சி மூலம் ஒரு நாளுக்கு ஆள் எடுப்பதும் உண்டு. இவ்வளவு கணக்கு எதற்கு? சூப்பரின்டெண்டென்டிடம் சொன்னால் முடிந்ததே.

---

கியூசி_கலா

சிஸ்டர், இது லேப். இரவல் வாங்கப் பக்கத்து வார்டு கிடையாது. வெளியாள் வந்தாலும் அவருக்கு இந்த லேபின் அனலைசர் புதிது, சாம்பிள் பதியும் மென்பொருளில் லாகின் இருக்காது. தரச்சான்று வாங்கிய லேப் என்றால், எந்தச் சோதனையை யார் செய்யலாம் என்று பயிற்சி பார்த்து எழுதி அங்கீகாரம் கொடுத்திருக்க வேண்டும். ஒரு நாள் ஆளுக்கு அதைக் கொடுக்க முடியாது. இதையொட்டி ஒரு எச்சரிக்கை: லீவில் போகும்போது உங்கள் லாகினைக் கவர் பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள். ரிப்போர்ட்டில் உங்கள் பெயர் விழும், நீங்கள் ரயிலில் இருப்பீர்கள்.

லிஸ்ட்டைப் பார்த்தேன். ஆள் சரி, நேரம் சரியில்லை. ஞாயிறு மதியம் ம தனியாக இருக்கிறார். அன்று லேபுக்கு எப்போது வேலை ஏறும் என்று யோசியுங்கள். தமிழ்நாட்டில் பட்டாசுக்குக் கொடுத்திருக்கும் நேரம் காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8. தீக்காயத்தோடு கேஷுவாலிட்டிக்கு வருபவர்கள் மாலை 7 மணிக்கு மேல்தான் அதிகம். சிபிசி, எலக்ட்ரோலைட், குரூப்பிங் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். அதெல்லாம் உங்கள் மதிய ஷிப்டின் கடைசி இரண்டு மணி நேரத்தில் ஒரு ஜூனியர் தலையில் விழுகிறது. காலையில் ஓபி இல்லை, வார்டு சாம்பிள் மட்டும்தான். ம காலையில் இருக்கட்டும், ச மதியத்துக்குப் போகட்டும்.

---

தென்காசிப்பையன்

இது எனக்குத் தோன்றவே இல்லை, நன்றி அக்கா. ஞாயிறு மட்டும் ம காலை, ச மதியம் என்று மாற்றிவிடுகிறேன்.

---

டூட்டிலிஸ்ட்

ஞாயிறை மட்டும் மாற்றினால் இன்னொரு இடத்தில் இடிக்கும். ம சனி மதியம் பார்த்து இரவு 9 மணிக்குக் கிளம்புகிறார், ஞாயிறு காலை 7 மணிக்கு வர வேண்டும். நடுவில் 10 மணி நேரம். போக வர ஒன்றரை மணி நேரம் போனால், சாப்பாடு, தூக்கம் எல்லாம் மீதியில். அதுவும் தீபாவளி அதிகாலையில் பஸ் குறைவு. சனியையும் மாற்றினால் அதே இடைவெளி வெள்ளி இரவுக்கு நகரும். வெள்ளி மதியத்தை நீங்கள் எடுத்தால் தீரும், ஆனால் 9 மணிக்கு வெளியே வந்தால் பொதிகை போயிருக்கும்.

வழி இருக்கிறது. ச-வின் வார ஓய்வை வெள்ளியிலிருந்து செவ்வாய்க்கும், ம-வின் ஓய்வை செவ்வாயிலிருந்து வெள்ளிக்கும் மாற்றுங்கள். பிறகு:

வெள்ளி 6: காலை க, வ. மதியம் ச. நைட் த.
சனி 7: காலை ம, வ. மதியம் ச. நைட் த.
ஞாயிறு 8: காலை ம. மதியம் ச. நைட் ப.
திங்கள் 9: காலை த, ம, வ. மதியம் ச. நைட் ப.
செவ்வாய் 10: காலை ம, வ. மதியம் க. நைட் த.

ச நான்கு நாளும் மதியம், ம நான்கு நாளும் காலை. யாருக்கும் இடைவெளி 14 மணி நேரத்துக்குக் குறையவில்லை. வெள்ளி பகலில் ப கணக்கில் இல்லை, ஏனென்றால் 4, 5 தேதி நைட் அவருடையதாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். அதை ஒருமுறை சரிபாருங்கள்.

திங்கள் காலைக்கு மூன்று பேர் போட்டிருப்பதைக் கவனியுங்கள். பண்டிகை லீவில் சிரமமான நாள் பண்டிகை அன்று இல்லை, மறுநாள்தான். இரண்டு நாள் தள்ளிப்போட்ட ஃபாஸ்டிங் சுகர், கொலஸ்ட்ரால் எல்லாம் திங்கள் காலை 7 மணிக்கு வரிசையில் நிற்கும். உங்கள் லீவில் இன்சார்ஜ் தயங்கப்போவதும் அந்த ஒரு நாளுக்குத்தான். அதற்கு ஆள் சேர்த்தே காட்டிவிட்டால் மறுக்கக் காரணம் குறையும்.

---

திங்கள்வருமா

2023-லும் தீபாவளி ஞாயிறு. அப்போது மறுநாள் திங்கள் நவம்பர் 13 அரசு விடுமுறை விட்டு, 18-ஆம் தேதி சனிக்கிழமையை வேலை நாளாக்கினார்கள். 2024-லும் நவம்பர் 1 அப்படித்தான், பதிலுக்கு 9-ஆம் தேதி சனி வேலை நாள். இந்த முறையும் விட்டால் ஓபி குறையும், மூன்று பேர் தேவைப்படாது.

---

டூட்டிலிஸ்ட்

விடலாம். ஆனால் அந்த அறிவிப்பு பண்டிகை நெருக்கத்தில்தான் வரும், லிஸ்ட் அதற்கு முன்பே ஒட்டப்பட்டிருக்கும். தனியார் மருத்துவமனை அன்று ஓபியை மூடும் என்பதும் நிச்சயமில்லை. திங்கள் வேலை நாள் என்றே லிஸ்ட் போடுங்கள். விடுமுறை வந்தால் மூன்றாவது ஆளை விடுவிப்பது சுலபம். கடைசி நேரத்தில் ஆளைச் சேர்ப்பது முடியாத காரியம்.

---

ஜெபா_நைட்

ஒன்று சொல்ல வேண்டும். நானும் கிறிஸ்தவள்தான், லேபில் இருக்கிறேன். “உனக்குத் தீபாவளி இல்லையே” என்று லிஸ்ட்டில் பெயரைப் போட்டுவிட்டுப் பிறகு சொல்வது வலிக்கும். எங்கள் பிள்ளைகளுக்கும் அன்று பள்ளி லீவு. வீட்டில் ஆள் வருவார்கள். ப-விடம் முதலில் கேளுங்கள். கேட்கும்போதே பதிலுக்கு நீங்கள் எந்த டூட்டியை எடுக்கிறீர்கள் என்று தேதியோடு சொல்லுங்கள். டிசம்பர் 24 நைட் மிகப் பொருத்தம், நள்ளிரவு ஆராதனைக்குப் போக முடியும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாக்கு டிசம்பரில் யாருக்கும் நினைவிருக்காது.

---

தென்காசிப்பையன்

மன்னிக்கணும் அக்கா, கேட்காமல் போட்டது என் தப்பு. நாளைக்கே ப அண்ணனிடம் பேசுகிறேன். டிசம்பர் 24, 25 இரண்டு நைட்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன், அவரும் எனக்காக இரண்டு நைட் பார்க்கிறாரே. ச-வுக்குப் பொங்கலில் அவர் கேட்கும் நாள்.

---

கியூசி_கலா

ச-வுக்கும் நாளைக் குறித்துவிடுங்கள். தீபாவளி மாலை குடும்பத்தை விட்டு வருகிறவர் அவர்தான், லிஸ்ட்டில் அதிகம் இழப்பது அவரே.

அடுத்தது, ப-வுக்கு ஞாயிறு சாயங்காலம் காய்ச்சல் வந்தால் யார்? கவருக்குக் கவர் பார்க்காத லிஸ்ட் பாதி லிஸ்ட்.

---

டூட்டிலிஸ்ட்

ஞாயிறு நைட்டுக்கு த. காலை 7 மணிக்குப் போய்த் தூங்கியிருப்பார், மூன்றாவது நைட் கடினம்தான், ஆனால் முடியும். அவர் ஊரை விட்டுப் போகக்கூடாது என்பதை முன்னாலேயே சொல்லி ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். அப்படி அவர் வந்தால் திங்கள் காலை அவரை எடுத்துவிட்டு ம, வ இரண்டு பேரோடு ஓட்ட வேண்டும். மூன்றாவது ஆள் போட்டது அதற்கும் சேர்த்துத்தான்.

திங்கள் நைட் சிக்கல். த அன்று காலை டூட்டி பார்த்து 3 மணிக்குப் போயிருந்தால், ஆறு மணி நேரத்தில் மறுபடி நைட்டுக்குக் கூப்பிடுவது சரியில்லை. ப தனக்கு முடியாது என்று திங்கள் காலை 6 மணிக்குள் சொன்னால் த-வைக் காலையில் வரவேண்டாம் என்று நிறுத்தி நைட்டுக்கு வைக்கலாம். அதற்குப் பிறகு சொன்னால் நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ச மதியம் முடித்து அப்படியே நைட் தொடர்ந்தால் மொத்தம் 18 மணி நேரம். பண்டிகை நேரத்தில் பலர் இதற்குத் தலையாட்டுவார்கள். விடியற்காலை 4 மணிக்கு குரூப்பிங் டியூபில் பெயர் மாற்றி எழுதுவது இப்படித்தான் நடக்கும். நான் அதை எழுத மாட்டேன்.

---

உரிமைக்குரல்

அந்த இடத்தில் இன்சார்ஜ் மேடம்தான் வர வேண்டும். அதை விண்ணப்பத்திலேயே திறந்து சொல்லுங்கள். எல்லா ஓட்டையையும் ஊழியரே அடைக்க முடியாது.

---

டூட்டிலிஸ்ட்

இதில் உங்களோடு முழுக்க ஒத்துப்போகிறேன். மறைக்காமல் எழுதினால் மேடம் முன்கூட்டியே யோசிப்பார்.

இனி நேரம். ரயில் முன்பதிவு இப்போது 60 நாள் முன்புதான் திறக்கிறது, 2024 நவம்பருக்கு முன்பு இருந்த 120 நாள் இல்லை. நவம்பர் 6 பயணத்துக்கு செப்டம்பர் 7 திங்கள் காலை 8 மணி, திரும்பும் 9-ஆம் தேதிக்கு செப்டம்பர் 10. டிக்கெட் எடுத்த பிறகு லீவு கேட்டால் அது மேடத்தை நெருக்குவதாகத் தோன்றும், லீவு கிடைக்கும்வரை காத்திருந்தால் டிக்கெட் போய்விடும். அதனால் ஆகஸ்ட் 31-க்குள் விண்ணப்பம் மேடம் கையில் இருக்க வேண்டும். நவம்பர் லிஸ்ட் அக்டோபர் கடைசியில்தான் வரும் என்று யாராவது சொன்னால், இந்த ஐந்து நாளுக்கு மட்டும் முன்கூட்டியே கையெழுத்துக் கேளுங்கள்.

விண்ணப்பம் இவ்வளவு போதும்:

“மேடம், நவம்பர் 7, 9 தேதிகளில் இரண்டு நாள் லீவும், 8-ஆம் தேதி வார ஓய்வும் வேண்டுகிறேன். 6-ஆம் தேதி காலை டூட்டியும் 10-ஆம் தேதி மதிய டூட்டியும் பார்ப்பேன். அந்த ஐந்து நாளுக்கான லிஸ்ட் யோசனை இணைத்துள்ளேன். ச, த, ப, ம, வ ஐவரிடமும் பேசி, ஒப்புதல் கையொப்பம் வாங்கியுள்ளேன். ஞாயிறு நைட்டுக்கு மாற்று ஆள் த. திங்கள் காலை 6 மணிக்குப் பிறகு நைட் ஆள் வர இயலாமல் போனால் மாற்று இல்லை, அதற்குத் தங்கள் வழிகாட்டுதல் தேவை. பதிலாக டிசம்பர் 24, 25 நைட் நான் பார்க்கிறேன். செப்டம்பர் 5-க்குள் முடிவு தெரிந்தால் டிக்கெட் எடுக்க உதவியாக இருக்கும்.”

மூன்று நாள் என்று கேட்காமல் இரண்டு நாள் லீவு, ஒரு வார ஓய்வு என்று பிரித்துக் கேட்பது கணக்குக்கும் சரி, கேட்கும் காதுக்கும் இலேசு.

---

கியூசி_கலா

ஒப்படைப்பு பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆள் இருந்தும் லேப் நிற்பது ரீஏஜென்ட்டால்தான். டிஸ்ட்ரிபியூட்டர்கள் வெள்ளி கடைசி சப்ளை கொடுத்துவிட்டு செவ்வாய்தான் திறப்பார்கள் என்று வைத்துக்கொண்டு, நான்கு நாள் தேவையை எண்ணுங்கள். டிராபோனின் நாளுக்கு 6 போகிறதென்றால் 24, பாதி சேர்த்து 36 கிட் ஃபிரிட்ஜில் இருக்க வேண்டும். எண்ணுவது புதன் 4-ஆம் தேதி. வெள்ளிக்கிழமை எண்ணினால் ஆர்டர் போட நேரம் இருக்காது. பெட்டி எண்ணிக்கை மட்டும் பார்க்காதீர்கள், கருவிக்குள் திறந்து வைத்த பாட்டில் எத்தனை நாள் தாங்கும் என்பதையும் பாருங்கள். சனிக்கிழமை காலாவதியாகும் பாட்டில் இருந்தால் ஞாயிறு காலை கியூசி வெளியே போகும், தனியாக இருக்கும் ம காரணம் தேடிக்கொண்டிருப்பார்.

வெளி லேபுக்கு அனுப்பும் சாம்பிள் ஞாயிறு யாரும் எடுக்க வரமாட்டார்கள். எதைப் பிரித்து ஃபிரீசரில் வைப்பது, எதைத் திங்கள் வரச் சொல்வது என்று ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள். 24 மணி நேர யூரின் கேன் சனிக்கிழமை கொடுத்தால் ஞாயிறு திரும்பி வரும், அதையும் யோசியுங்கள். சர்வீஸ் இன்ஜினியர் பண்டிகை அன்று போனை எடுப்பாரா என்று முன்பே கேட்டு எண்ணை எழுதுங்கள். ஒரே பக்கம். வெள்ளி 3 மணிக்குக் கிளம்பும்முன் ச-விடம் கருவிக்கு எதிரில் நின்று வாசித்துக் காட்டிவிட்டுப் போங்கள். அவர் 1 மணிக்கே வந்திருப்பார், இரண்டு மணி நேரம் இருவரும் சேர்ந்து இருப்பீர்கள்.

---

வார்டுசிஸ்டர்

அந்தத் தாளின் ஒரு நகலை கேஷுவாலிட்டிக்கும் கொடுங்கள் தம்பி. எந்தச் சோதனை அந்த மூன்று நாள் இல்லை என்று எங்களுக்குத் தெரிந்தால் ராத்திரியில் லேபுக்குப் போன் போட்டுச் சண்டை பிடிக்க மாட்டோம்.

---

சீனியர்27

ஒரே நாளுக்கு மூன்று பேர் கேட்டால் சர்வீஸ் அதிகம் உள்ளவருக்குத்தான் முதலில் தர வேண்டும். ஆறு பேரில் இவர் எத்தனையாவது?

---

ஜெபா_நைட்

ஒத்துக்கொள்ள மாட்டேன் சார். அப்படியென்றால் ஜூனியர் ஐந்து வருடம் ஊரில் தீபாவளி பார்க்க முடியாது. கடந்த தீபாவளி, பொங்கல், கிறிஸ்துமஸ் மூன்றிலும் யார் டூட்டி பார்த்தார்கள் என்று எழுதி வைத்துச் சுழற்சியில் கொடுப்பதே நியாயம்.

---

சீனியர்27

சுழற்சி என்றால் நேற்று சேர்ந்தவரும் 20 வருடம் இருப்பவரும் ஒன்றா? அதை நான் ஏற்கவில்லை.

---

தென்காசிப்பையன்

நான் நான்காவது. போன தீபாவளி, பொங்கல் இரண்டிலும் டூட்டி பார்த்தேன். வேறு யாரும் இதுவரை கேட்கவில்லை, கேட்டால் மேடம் முடிவு.

ப அண்ணனிடம் பேசிவிட்டேன், ஒத்துக்கொண்டார். ஆனால் 4, 5 தேதி நைட்டில் 4-ஆம் தேதி அவருக்கு வீட்டில் விசேஷமாம். அந்த ஒரு நைட்டை நான் எடுத்தால் 5-ஆம் தேதி பகல் எனக்கு ஓய்வு, 6 காலை டூட்டிக்கு வந்துவிடலாம். இதில் எங்காவது இடிக்கிறதா?

---

டூட்டிலிஸ்ட்

உங்களுக்கு இடிக்கவில்லை, 24 மணி நேரம் இருக்கிறது. ஆனால் 4-ஆம் தேதி பகலிலும் 5-ஆம் தேதி பகலிலும் உங்களுக்கு டூட்டி போட்டிருந்தால் அந்த இரண்டுக்கும் ஆள் வேண்டும். அதோடு ரீஏஜென்ட் எண்ணுவது அதே 4-ஆம் தேதி. நைட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எண்ணி, 5 காலை மேடம் வரும்போது ஆர்டர் தாளைக் கொடுத்துவிடுங்கள். லிஸ்ட்டை 4-ஆம் தேதியிலிருந்தே ஏழு நாளாகப் போட்டு இங்கே போடுங்கள், பார்க்கலாம்.